நாலு ரூபாய் வட்டியும் ஒரு ரூபாய் வட்டியும்: கிரெடிட் கார்டு கடனை அடைப்பதா, முதலீடு செய்வதா?

நம் ஊர்களில் கடன் வாங்குகிறவர்கள் வட்டியை ஆண்டுக் கணக்கில் பேசுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். ஒரு ரூபாய் வட்டி என்றால் நியாயமான கடன், இரண்டு ரூபாய் என்றால் பொறுத்துக்கொள்ளலாம், மூன்று என்றால் அவசரத்துக்கு வாங்கியது, ஐந்து என்றால் ஆள் மாட்டிக்கொண்டார் என்று அந்த ஓர் எண்ணிலேயே கடனின் குணம் விளங்கிவிடும். கிரெடிட் கார்டு நிலுவையை வைத்துக்கொண்டே மாதாமாதம் மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டுவரும் பலர், தங்கள் கார்டின் வட்டியை இந்தப் பழைய அளவுகோலில் ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. முதலீட்டின் வருமானத்தை ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று கேட்டுப் பழகியிருக்கிறோம். கார்டின் வட்டியோ பில்லில் மாதத்துக்கு இத்தனை சதவீதம் என்று முன்நிற்கிறது. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்தால் மூன்றரை என்பது சிறிய எண்ணாகவும் பன்னிரண்டு என்பது பெரிய எண்ணாகவும் தெரியும். இந்தக் குழப்பம் தீர வேண்டுமானால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

இந்தியாவில் பெரும்பாலான கார்டுகளில் நிலுவைக்கு மாதம் 3.5 சதவீதமோ 3.75 சதவீதமோ வட்டி. குறைவானதையே எடுத்துக்கொள்வோம். அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. மூன்றரை ரூபாய் வட்டிக்கு ஜி.எஸ்.டி. 63 காசு. ஆக, நூறு ரூபாய்க்கு மாதம் நாலு ரூபாய் பதிமூன்று காசு. கூட்டுவட்டி போடாமல் வெறுமனே பன்னிரண்டால் பெருக்கினாலே ஆண்டுக்கு 49.56 சதவீதம் வருகிறது. இது நாலு வட்டிக்கும் மேற்பட்ட கடன். தெருவில் ஒருவர் இந்த வட்டிக்குப் பணம் கொடுத்தால் அவரைப் பற்றி நாம் என்ன சொல்வோம் என்று சொல்லத் தேவையில்லை. இதற்கு ஒரு வரம்பு வைக்கும் முயற்சியும் நடந்தது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008-இல் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. எனவே வட்டி தானாகக் குறையும் என்று காத்திருப்பதற்கு இடமில்லை.

இனி முதலீட்டின் பக்கம். 1979-இல் 100 புள்ளிகளைத் தொடக்கமாகக் கொண்ட சென்செக்ஸ் குறியீடு 2024 ஜூலையில் 80,000-ஐத் தாண்டியது. நாற்பத்தைந்து ஆண்டுகளில் எண்ணூறு மடங்கு. டிவிடெண்டைச் சேர்க்காமல் கணக்கிட்டால் இது ஆண்டுக்குச் சுமார் 16 சதவீதக் கூட்டு வளர்ச்சி. மாதக் கணக்கில் சொன்னால் நூறு ரூபாய்க்கு ஒன்றேகால் ரூபாய். நம் நாட்டுப் பங்குச் சந்தையின் மிக நீண்ட, மிக நல்ல கதையே ஒன்றேகால் ரூபாய் வட்டிதான் என்பதை இங்கே நிறுத்தி மனத்தில் கொள்ள வேண்டும். எதிர்காலத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் அவ்வளவு எதிர்பார்க்காமல் ஆண்டுக்கு 12 சதவீதம், அதாவது மாதம் ஒரு ரூபாய் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அந்த ஒரு ரூபாயும் உறுதியானதன்று. 2007 முடிவில் 20,000-க்கு மேல் இருந்த சென்செக்ஸ் 2008 முடிவில் பத்தாயிரத்துக்குக் கீழே நின்றது. ஓர் ஆண்டில் பாதிக்கு மேல் போயிற்று. உறுதியான வருமானம் வேண்டும் என்றால் வங்கி வைப்புநிதிக்குப் போக வேண்டும். அங்கே 7 சதவீதம் கிடைத்தால் மாதம் 58 காசு, 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு வரி போக ஏறத்தாழ 46 காசு. வரி இல்லாத பி.பி.எஃப். 7.1 சதவீதம் தருகிறது, அது 59 காசு.

இந்த ஒப்பீட்டில் அடிக்கடி விட்டுப்போகும் ஒன்று உண்டு. கார்டு நிலுவையில் கட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயும் அடுத்த மாதம் முதல் நாலு ரூபாய் பதிமூன்று காசு வட்டியை இல்லாமல் ஆக்குகிறது. இந்த மிச்சத்துக்கு வரி கிடையாது. சந்தை ஏறினாலும் இறங்கினாலும் இது மாறாது. வரி இல்லாமல், உறுதியாக, நூற்றுக்கு நாலு ரூபாய் தரும் ஒரு முதலீட்டுத் திட்டத்தை யாராவது கொண்டுவந்தால் அதை மோசடி என்றே நினைப்போம். கார்டுக் கடன் உள்ளவருக்கு மட்டும் அப்படி ஒரு திட்டம் கையிலேயே இருக்கிறது.

சொல்லால் சொல்வதைவிட ஒரு கணக்கை முழுவதும் போட்டுப் பார்ப்பது நல்லது. கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கார்டில் அவருக்கு ₹1,50,000 நிலுவை. வீட்டுச் செலவு போக மாதம் ₹15,000 அவரிடம் மிஞ்சுகிறது. புதிதாக எதையும் கார்டில் வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அவர் முன் இரண்டு வழிகள். முதல் வழியில் பதினைந்தாயிரத்தையும் கார்டிலேயே கட்டிக் கடனை முடித்துவிட்டு, பிறகு அதே பதினைந்தாயிரத்தை, ஃபண்டில் மாதாமாதம் பணம் போடும் எஸ்.ஐ.பி. முறையில் போடுவார். இரண்டாம் வழியில் பாதிக்குப் பாதியாகப் பிரித்து, ₹7,500-ஐக் கார்டிலும் ₹7,500-ஐ எஸ்.ஐ.பி.யிலும் போட்டுவருவார். இந்த இரண்டாம் வழிதான் நிதானமானதாகவும் சமநிலை உடையதாகவும் பலருக்குத் தோன்றுகிறது. ஒரு பக்கம் கடன் குறைகிறது, மறுபக்கம் சேமிப்பு வளர்கிறது என்ற நிறைவை அது தருகிறது.

முதல் மாத வட்டியைப் பாருங்கள். ஒன்றரை லட்சத்துக்கு 4.13 வீதம் ₹6,195. இரண்டாம் வழிக்காரர் கட்டும் ஏழாயிரத்து ஐந்நூறில் வட்டியும் வரியும் போக அசலில் கழிவது ₹1,305 மட்டுமே. முதல் வழிக்காரருக்கு அசலில் ₹8,805 கழிகிறது. கட்டும் தொகை இரு மடங்கு. கழியும் அசலோ ஏறக்குறைய ஏழு மடங்கு. இந்த வேறுபாடுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. முதல் வழியில் பதின்மூன்று மாதம் முழுத் தவணையும், பதினான்காம் மாதம் சுமார் ₹2,500-உம் கட்டினால் கடன் தீர்ந்துவிடும். மொத்த வட்டியும் வரியும் சுமார் ₹47,500. இரண்டாம் வழியில் கடன் தீர நாற்பத்து நான்கு மாதம் ஆகும்; வட்டியும் வரியுமாகப் போவது சுமார் ₹1,74,000, வாங்கிய கடனைவிட அதிகம்.

ஆனால் இரண்டாம் வழிக்காரர் அந்த நாற்பத்து நான்கு மாதமும் முதலீடு செய்துகொண்டிருந்தாரே, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாமா என்றால் கட்டாயம் எடுக்க வேண்டும். எஸ்.ஐ.பி. மாதம் 1 சதவீதம் தவறாமல் வளர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். நாற்பத்து நான்காம் மாத முடிவில் அவர் கையில் சுமார் ₹4,18,000 இருக்கும். முதல் வழிக்காரரோ பதினான்காம் மாதத்தில் மிஞ்சிய பன்னிரண்டரை ஆயிரத்தோடு தொடங்கி, அதன்பின் முப்பது மாதம் பதினைந்தாயிரம் வீதம் போட்டிருப்பார். அவர் கையில் சுமார் ₹5,39,000. இருவருக்கும் கடன் இல்லை, இருவரும் தங்கள் பையிலிருந்து எடுத்தது ஒரே ₹6,60,000. ஓராண்டுக்கு மேல் தாமதித்து முதலீட்டைத் தொடங்கியவர் ₹1,21,000 கூடுதலாக வைத்திருக்கிறார்.

சந்தை எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனால் முடிவு மாறிவிடுமோ என்ற ஐயம் எழுவது இயல்பு. அதையும் சோதித்துப் பார்க்கலாம். மாதம் 2 சதவீதம், அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ 27 சதவீதம், நாற்பத்து நான்கு மாதமும் இடைவிடாமல் சந்தை தந்தது என்று வைத்தால் இரண்டாம் வழிக்காரரிடம் ₹5,27,000 இருக்கும்; முதல் வழிக்காரரிடம் ₹6,31,000. அப்போதும் ஒரு லட்சத்துக்கு மேல் வேறுபாடு. இரண்டும் சமமாக வேண்டுமானால் ஃபண்டு மாதந்தோறும் 4.13 சதவீதம் வளர வேண்டும். அப்படி நான்கு ஆண்டுகளுக்கு வளரும் என்று பொறுப்புள்ள எவரும் சொல்லமாட்டார். சந்தை இறங்கினாலோ, இரண்டாம் வழிக்காரருக்குக் கார்டு வட்டியும் போகிறது, போட்ட முதலும் குறைகிறது. விற்கும்போது ஓராண்டுக்குள் என்றால் ஆதாயத்துக்கு 20 சதவீத வரியும், அதற்கு மேல் என்றால் ஆண்டுக்கு ₹1,25,000-க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 சதவீத வரியும் உண்டு என்பதை நான் இங்கே சேர்க்கவே இல்லை.

இந்தக் கணக்கு ஒரு நிபந்தனையில் நிற்கிறது: புதிதாகக் கார்டில் எதுவும் வாங்கக்கூடாது. அது நல்லொழுக்கத்துக்காகச் சொல்லும் அறிவுரை அன்று. கார்டு வட்டி இயங்கும் முறையிலிருந்து வருவது. முழு பில்லையும் கட்டிவருகிறவருக்கு வாங்கிய நாளிலிருந்து பணம் கட்டும் கடைசி நாள்வரை வட்டி கிடையாது. முந்தைய பில்லில் சிறிதேனும் நிலுவை இருந்தால் அந்தச் சலுகை போய்விடும். அதன்பின் மளிகைக்கடையில் தேய்க்கும் முந்நூறு ரூபாய்க்கும் அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கும். ₹50,000 பில்லில் ₹45,000 கட்டியவர் மீதி ஐயாயிரத்துக்குத்தான் வட்டி வரும் என்று எண்ணுவார். அடுத்த பில்லில், ஐம்பதாயிரத்துக்கும் ஒவ்வொரு பொருளையும் வாங்கிய தேதியிலிருந்து அவர் பணம் கட்டிய தேதிவரை வட்டி போட்டிருப்பதையும், அதன்பிறகு ஐயாயிரத்துக்குத் தனியே போட்டிருப்பதையும் காண்பார். நிலுவை உள்ளவரை பெட்ரோலுக்கும் காய்கறிக்கும் டெபிட் கார்டையோ யு.பி.ஐ.யையோ பயன்படுத்துவதே சரி. கார்டில் வாங்கினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் கேஷ்பேக் கிடைக்கிறது என்பவர்கள், அதே நூற்றுக்கு நாலு ரூபாய் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பில்லில் அச்சிடப்படும் குறைந்தபட்சத் தொகையும் இப்படித் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அதைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, சிபில் அறிக்கையில் தவறிய தவணையாகப் பதிவாகாது. அவ்வளவுதான் அதன் பயன். வட்டியை அது நிறுத்துவதில்லை. பில்லில் ‘ஃபைனான்ஸ் சார்ஜஸ்’ என்ற வரியும், அதை அடுத்து ஜி.எஸ்.டி. வரியும் இருந்தால் நீங்கள் நாலு ரூபாய் வட்டியில் இருக்கிறீர்கள் என்று பொருள். அந்த இரண்டையும் கூட்டி, சராசரி நிலுவையால் வகுத்துப் பார்த்தால் உங்கள் கார்டின் உண்மையான மாத வட்டி கிடைத்துவிடும். இந்தக் கட்டுரையில் நான் சொல்லும் 4.13-ஐ நம்புவதைவிட அதுவே மேல்.

இதுவரை சொன்னதைக் கொண்டு கார்டுக் கடனா, முதலீடா என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. எனக்கு இதைவிட முக்கியமாகத் தோன்றும் கேள்வி அடுத்தது. அந்தக் கடன் நாலு ரூபாய் வட்டியிலேயே இருக்க வேண்டுமா? முதலீட்டில் மாதம் கால் ரூபாய் கூடுதலாகக் கிடைக்க எந்த ஃபண்டு என்று வாரக்கணக்கில் தேடுகிறவர்கள், கடனின் வட்டியில் மூன்று ரூபாயை ஒரே நாளில் குறைக்கலாம் என்பதைக் கவனிப்பதில்லை.

வீட்டில் நகை இருந்தால் வங்கியில் நகைக்கடன் வாங்கிக் கார்டை அடைக்கலாம். 10 சதவீத வட்டியில் கிடைத்தது என்று வைத்துக்கொண்டால் அது மாதம் 83 காசு. அதே கோயம்புத்தூர்க்காரர் ஒன்றரை லட்சத்தை நகைக்கடனுக்கு மாற்றி, அதே பதினைந்தாயிரத்தை மாதந்தோறும் அதில் கட்டினால் பதினொரு மாதத்தில் முடிந்துவிடும். மொத்த வட்டி சுமார் ₹7,300. கார்டிலேயே வைத்து அடைத்திருந்தால் போயிருக்கும் ₹47,500-ஐ இதனோடு ஒப்பிடுங்கள். வைப்புநிதி இருந்தால் அதை முறிக்காமல் அதன்மேல் கடன் வாங்கலாம்; வைப்புநிதி வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதலாக இருக்கும். தனிநபர் கடன் 14 சதவீதத்துக்குக் கிடைத்தாலும் மாதம் ஒரு ரூபாய் பதினேழு காசுதான். கார்டு நிறுவனமே நிலுவையைத் தவணைகளாக மாற்றித் தரும். அங்கே 16 சதவீதம் என்றால் வட்டிமேல் வரும் ஜி.எஸ்.டி.யையும் சேர்த்து மாதம் ஒரு ரூபாய் ஐம்பத்தேழு காசு ஆகும். நடைமுறைக் கட்டணம் தனி. முன்கூட்டியே முடித்தால் அபராதம் உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது. இவற்றில் எதுவும் நாலு ரூபாய்க்கு அருகில்கூட வருவதில்லை.

நகைக்கடனில் ஒரு பழக்கம் ஆபத்தானது. ஆண்டு முடிவில் வட்டியை மட்டும் கட்டி, நகையைத் திருப்பாமல் மறுபடி வைத்துவருவது பல வீடுகளில் வழக்கம். கார்டை அடைப்பதற்காக வாங்கிய கடனை அப்படி விட்டால் மாதம் பதினைந்தாயிரம் வேறு வழியில் செலவாகிவிடும், நகையும் வராது. மாதந்தோறும் அசலில் கட்டும் தொகையை வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி செய்துகொள்வதே இதற்குத் தடுப்பு. இன்னொன்று, கார்டு காலியானதும் அதன் வரம்பு முழுவதும் மறுபடி திறந்துவிடும். ஆறு மாதத்தில் அது மீண்டும் நிரம்பி, ஒரு கடன் இரண்டு கடனாவதுதான் இந்த வழியில் அடிக்கடி நடக்கும் தோல்வி. வங்கியின் செயலியிலேயே கார்டின் வரம்பைக் குறைத்துக்கொள்ள முடியும். கடன் மாற்றிய அன்றே அதைச் செய்துவிட வேண்டும்.

ஏலச்சீட்டு போட்டிருப்பவர்களுக்குத் தனியாக ஒரு கணக்கு. ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு, இருபது மாதம், மாதம் ஐயாயிரம். கடைசிவரை இருந்தால் நடத்துகிறவரின் கமிஷன் போக ₹95,000 கிடைக்கும் என்று பொறுமையாக இருப்பவர், கார்டில் நிலுவை வைத்துக்கொண்டு அப்படி இருக்கலாமா? ஐந்தாம் மாதத்திலேயே ஏலத்தில் தள்ளுபடிக்குக் கேட்டு எடுத்தால் ₹75,000 கிடைக்கிறது என்று வைப்போம். பதினைந்து மாதம் கழித்துக் கிடைக்கும் தொண்ணூற்றைந்தாயிரத்தை விட்டுக்கொடுத்து இன்று எழுபத்தைந்தாயிரத்தை எடுக்கிறார். இதன் விலை மாதம் ஒரு ரூபாய் அறுபது காசு அளவில் வருகிறது. கார்டில் அந்த எழுபத்தைந்தாயிரத்துக்கு மாதம் நாலு ரூபாய் பதிமூன்று காசு போய்க்கொண்டிருக்கிறது. சீட்டில் இருபதாயிரம் போகிறதே என்று மனம் வருந்தினாலும் எடுத்துக் கட்டுவதுதான் லாபம். ஆனால் எடுத்தபிறகு மீதித் தவணைகளைத் தவறாமல் கட்ட வேண்டும். கட்டும் வசதி உறுதியில்லாதவர் இதில் இறங்கக்கூடாது.

முதலீட்டுப் பக்கம் சாயும் இடங்களும் சில உண்டு. சம்பளத்தில் பிடிக்கப்படும் பி.எஃப்.-ஐப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அதோடு நிறுவனத்தின் பங்கும் சேர்கிறது. நாமாக விரும்பிக் கூடுதலாகப் பிடிக்கச் சொன்ன தொகை இருந்தால் அதை நிறுத்தலாம். மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தையும் டேர்ம் காப்பீட்டு பிரீமியத்தையும் முதலீடு என்று எண்ணி நிறுத்துவது பெரிய தவறு. ஒரு மருத்துவமனைச் செலவு வந்தால் அது வேறெங்கும் போகாமல் கார்டில்தான் போய் ஏறும்.

வரி சேமிப்பு முதலீடு மட்டும் சற்று நுணுக்கமான கணக்கு. பழைய வரிமுறையில், 30 சதவீத வரம்பில் இருப்பவர் 80சி பிரிவில் இடம் மீதமிருந்து, ஆண்டு முடிவுக்கு முன் ₹15,000-ஐ வரிச்சலுகை தரும் இ.எல்.எஸ்.எஸ். ஃபண்டில் போட்டால், செஸ் சேர்த்து ₹4,680 வரி உடனே மிஞ்சும். அந்த மிச்சத்தை அப்படியே கார்டில் கட்டுகிறார், ஃபண்டு மாதம் 1 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக் கணக்கிட்டேன். கடன் இன்னும் ஏழு மாதத்தில் முடியப்போகிறது என்றால் முதலீடு செய்வது தெளிவாக மேல். பதின்மூன்று மாதம் இழுக்கும் என்றால் இரண்டும் ஏறக்குறைய சமம். அதற்கு மேலும் போகும் என்றால் கார்டை அடைப்பதே மேல். 20 சதவீத வரம்பில் இருப்பவருக்கு அந்தச் சமநிலை ஏழு மாதத்திலேயே வந்துவிடுகிறது. எனவே பதினான்கு மாதக் கடன் உள்ள கோயம்புத்தூர்க்காரருக்கு விடை கார்டுதான். பி.எஃப். பிடித்தமே 80சி வரம்பை நிரப்பியிருந்தாலோ, புதிய வரிமுறையில் இருந்தாலோ இந்தக் கணக்குக்கே இடமில்லை. இ.எல்.எஸ்.எஸ். பணத்தை மூன்று ஆண்டுகளுக்கு எடுக்க முடியாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

கையில் ஏற்கெனவே இருக்கும் சேமிப்பைத் தொடலாமா என்பதில் மக்களின் தயக்கம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஒன்றரை லட்சம் வைப்புநிதியாக இருக்கிறது, ஒன்றரை லட்சம் கார்டில் நிலுவை. வைப்புநிதி மாதம் ₹875 ஈட்டுகிறது, அதற்கும் வரி உண்டு. கார்டு மாதம் ₹6,195 கேட்கிறது. சேமிப்பு இருக்கிறது என்ற மனநிம்மதிக்கு அவர் மாதம் ₹5,320 கொடுக்கிறார். முன்கூட்டி முறித்தால் வங்கி வட்டியில் அரை அல்லது ஒரு சதவீதம் குறைக்கும்; ஒன்றரை லட்சத்துக்கு அது ஓர் ஆண்டுக்கே ₹1,500-ஐத் தாண்டாது. இதைப் பத்து நாள் கார்டு வட்டி விழுங்கிவிடும். இருந்தாலும் எல்லாவற்றையும் எடுத்துக் கட்டும்படி நான் சொல்லமாட்டேன். ஒரு மாத வீட்டுச் செலவையாவது வங்கியில் விட்டுவைத்து மீதியைக் கட்டுவது நல்லது. அப்படி விட்டுவைக்கும் நாற்பதாயிரத்துக்குக் கார்டில் மாதம் ₹1,652 வட்டி போகும் என்பது உண்மைதான். ஆனால் கையில் ஒன்றுமே இல்லாமல், வேலை ஒரு மாதம் நின்றுபோனால் வங்கி கார்டின் வரம்பையும் குறைத்துவிடக்கூடும். அப்போது போகும் இடம் ஐந்து வட்டி, பத்து வட்டிக்காரரின் வீடாகத்தான் இருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் எஸ்.ஐ.பி.யை நிறுத்துவதற்கு ஃபண்டு நிறுவனங்கள் அபராதம் விதிப்பதில்லை. முன்பு போட்ட யூனிட்டுகள் அப்படியே இருக்கும். அந்த யூனிட்டுகளையும் விற்றுக் கார்டில் கட்டலாமா என்றால், எண்களின்படி கட்டுவதே மேல். பல பங்கு ஃபண்டுகள் ஓராண்டுக்குள் எடுத்தால் 1 சதவீதம் பிடித்துக்கொள்ளும். எட்டு நாள் கார்டு வட்டி அதைவிட அதிகம். சந்தை இறங்கியிருக்கும் நேரத்தில் நஷ்டத்துக்கு விற்க வேண்டாம் என்று காத்திருப்பவர், ஒவ்வொரு மாதமும் நாலு சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் அந்தக் காத்திருப்பு பலன் தரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கடனின் வட்டி மாதம் ஒரு ரூபாய்க்கு அருகில் இறங்கிய பிறகுதான் அடைப்பதா, முதலீடு செய்வதா என்ற கேள்வி உண்மையிலேயே கேட்கத்தக்கதாகிறது. 14 சதவீதத் தனிநபர் கடனுக்கு எதிரே 12 சதவீத எதிர்பார்ப்பை வைத்தால் நான் கடனையே அடைப்பேன். 10 சதவீத நகைக்கடன் என்றால் உறுதியான 83 காசா, நிச்சயமில்லாத ஒரு ரூபாயா என்பது அவரவர் மனத்திட்பத்தைப் பொறுத்தது. குறுகிய காலக் கடன் என்பதால் அதையும் முடித்துவிட்டுப் போவது எனக்கு உவப்பு. எட்டரை சதவீதத்தில் இருபது ஆண்டு ஓடும் வீட்டுக்கடனுக்காக எஸ்.ஐ.பி.யை நிறுத்தத் தேவையில்லை. கார்டுக் கடனுக்குச் சொன்ன விடையை எல்லாக் கடனுக்கும் சொல்வது அதே அளவு பிழை.

கடைசியாக, கடன் முடியும் மாதத்தில் பலரைத் திகைக்க வைக்கும் ஒரு நிகழ்வு. பில்லில் உள்ள முழுத்தொகையையும் கட்டி முடித்த பிறகும் அடுத்த மாதம் சில நூறு ரூபாய் வட்டி வந்து நிற்கும். பில் தேதிக்கும் நீங்கள் பணம் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி அது; தவறன்று. அது சிறு தொகைதானே என்று விட்டுவிட்டால் நிலுவை உள்ள கணக்காகவே கார்டு நீடிக்கும், வட்டியில்லாக் காலமும் திரும்பாது, தாமதக் கட்டணமும் சேரக்கூடும். எனவே கடைசித் தவணையைப் பில்லுக்குக் காத்திராமல், வாடிக்கையாளர் சேவையை அழைத்து அன்றைய தேதிவரையிலான முழுத்தொகையைக் கேட்டுக் கட்டிவிட வேண்டும். அடுத்த பில்லில் ஃபைனான்ஸ் சார்ஜஸ் வரி பூஜ்யமாக வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு, கார்டுக்குப் போய்க்கொண்டிருந்த அதே பதினைந்தாயிரத்தை, அதே தேதியில், எஸ்.ஐ.பி.க்குத் திருப்பிவிடலாம்.